படத்தைப் பார்க்காதவரும் செய்து முடிக்க வேண்டும்: மெஷின் கையேட்டுப் பக்கத்தை எழுத்தாக்கும் முறை

வாஷிங் மெஷினுடன் வரும் கையேட்டில், அடிப்பகுதி வடிகட்டியைச் சுத்தம் செய்யும் பக்கம் ஒன்று அநேகமாக இருக்கும். இடப்பக்கம் எண்ணிட்ட படிகள், வலப்பக்கம் படம், படத்தைச் சுற்றி A, B, C என்ற எழுத்துகள், இடையிடையே முக்கோணக் குறியுடன் எச்சரிக்கைப் பெட்டிகள் என்று அது அமைந்திருக்கும். கண்ணால் பார்ப்பவருக்கு இது எளிய பக்கம். பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பானில் கேட்டு அந்த வேலையைத் தன் கையால் செய்ய வேண்டுமென்றால், சொற்களை மட்டும் தட்டச்சு செய்து கொடுத்தால் போதாது. எந்த எச்சரிக்கை எந்தப் படிக்கு உரியது, எந்த எழுத்து எந்தப் பாகத்தைக் காட்டுகிறது, எது முதலில், எது பிறகு என்ற உறவுகள் எல்லாம் அந்தப் பக்கத்தில் இடத்தாலும் கோடுகளாலும் சொல்லப்பட்டிருக்கின்றன. அச்சிட்ட சொற்களில் அவை கிடையாது. எழுத்தாக்கும்போது முதலில் காணாமல் போவதும் அவைதான்.

இந்த வழிகாட்டிக்காக ஒரு மாதிரிப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். எந்த நிறுவனத்தின் கையேட்டிலிருந்தும் எடுத்ததல்ல. முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷின் கையேடுகளில் வழக்கமாக வரும் படிகளையும், வழக்கமாக நேரும் அச்சுப் பிழை ஒன்றையும் சேர்த்து அமைத்தது. அதில் அச்சான படிகள் இவை:

> 1. இயந்திரத்தை நிறுத்தி, மின்செருகியைப் பிடுங்கவும்.
> 2. மூடியை (A) நாணயத்தால் நெம்பித் திறக்கவும்.
> 3. வடிகால் குழாயை (B) வெளியே இழுத்து, அடியில் தாழ்வான பாத்திரம் வைக்கவும். அடைப்பானை (C) எடுத்து நீரை வடிக்கவும்.
> 4. நீர் நின்றதும் வடிகட்டியை (D) இடப்பக்கம் திருகி வெளியே எடுக்கவும்.
> 5. வடிகட்டியில் சிக்கியவற்றை அகற்றி, குழாய் நீரில் கழுவவும். F தடையின்றிச் சுழல்கிறதா எனப் பார்க்கவும்.
> 6. வடிகட்டியை (C) மீண்டும் பொருத்தி, வலப்பக்கம் இறுக்கவும். அடைப்பானை மூடி, குழாயைப் பழைய இடத்தில் வைத்து, மூடியை (A) அடைக்கவும்.

பக்கத்தின் தலைப்பில், சாம்பல் நிறப் பட்டையில் மின் அதிர்ச்சி பற்றிய எச்சரிக்கை. வலது ஓரத்தில், ஐந்தாம் படிக்கு நேராக, சூடான நீர் பற்றிய இன்னொரு எச்சரிக்கை. ஆறாம் படிக்குக் கீழே, வடிகட்டி இறுகாவிட்டால் தரையில் நீர் கசியும் என்ற அறிவிப்பு. படங்கள் இரண்டு. படம் 1 மெஷினின் முழு முன்தோற்றம், படம் 2 அதன் கீழ் மூலையை மட்டும் பெரிதாக்கிக் காட்டுவது.

## தட்டச்சுக்கு முன் ஒரு கணக்கெடுப்பு

ஸ்கேன் செய்யும்போது 300 டிபிஐ போதும். படத்தில் உள்ள எழுத்துகள் மிகச் சிறியவையாக இருந்தால் படத்தை மட்டும் 600-இல் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளை முறையில் எடுக்க வேண்டாம், சாம்பல் அளவு முறையில் எடுங்கள். எச்சரிக்கைப் பட்டையின் நிறப் பின்னணி கறுப்பு வெள்ளையில் புள்ளி புள்ளியாக மாறி, அதன் மேலுள்ள எழுத்தைத் தின்றுவிடும். பக்க எண், படத்தின் எண் இரண்டும் வெட்டுப்படாமல் இருக்கட்டும். கையேட்டின் வேறொரு பக்கம் 'படம் 2-ஐப் பார்க்கவும்' என்று இங்கே அனுப்பக்கூடும்.

பிறகு ஒரு தாளில் பக்கத்தைக் கணக்கெடுங்கள். படிகள் எத்தனை, எண் எதிலிருந்து எதுவரை, பெட்டிகள் எத்தனை, ஒவ்வொரு படத்திலும் எந்தெந்த எழுத்துகள், அம்புக்குறிகள் எத்தனை. நமது பக்கத்தில் படிகள் 6, பெட்டிகள் 3. படம் 1-இல் A மட்டும். படம் 2-இல் A முதல் F வரை. படம் 2-இல் வளைந்த அம்பு ஒன்றும் நேரான அம்பு ஒன்றும் உள்ளன, அவற்றின் அருகே வட்டத்துக்குள் 1, 2 என்ற எண்கள். இந்தக் கணக்கைத் தட்டச்சுக்கு முன்பே எடுப்பது முக்கியம். முடித்த பிறகு எடுத்தால், நீங்கள் தட்டச்சு செய்ததையே எண்ணுவீர்கள், பக்கத்தில் இருப்பதை எண்ண மாட்டீர்கள்.

அந்த வட்ட எண்களைக் கவனியுங்கள். அவை படி 1, படி 2 அல்ல. நான்காம் படிக்குள் நடக்கும் இரண்டு அசைவுகளின் வரிசை: முதலில் திருகு, அடுத்து இழு. படத்தில் உள்ள எண்ணையும் படியின் எண்ணையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு, 'படி 1-க்கான அம்பு' என்று விவரித்துவிடுவது இந்த வேலையில் அடிக்கடி நேரும் பிழை. கணக்கெடுப்பிலேயே 'அசைவு எண்' என்று தனியாகக் குறித்துவிடுங்கள்.

## எழுத்துணரியிடம் எதைக் கொடுப்பது

படிகள் உள்ள பத்தியை மட்டும் வெட்டி, படத்திலுள்ள எழுத்தைத் தட்டச்சு எழுத்தாக மாற்றும் மென்பொருளான எழுத்துணரியிடம் கொடுங்கள். முழுப் பக்கத்தையும் கொடுத்தால், இரண்டு பத்திகளின் வரிகளும் குறுக்கே ஒட்டிக்கொண்டு வர வாய்ப்பிருக்கிறது. படத்தில் உள்ள எழுத்துகள் வாக்கியங்களின் நடுவே உதிரியாக வந்து விழும். டெசராக்ட் மென்பொருளில் தமிழும் ஆங்கில எழுத்துகளும் கலந்த பத்திக்கு இந்தக் கட்டளை பொருந்தும்:

```
tesseract padigal.png padigal -l tam+eng --psm 6
```

வருவதை அப்படியே நம்பிவிடக் கூடாது. இத்தகைய பக்கங்களில் சில இடங்கள் தவறாமல் பார்க்க வேண்டியவை. முதலாவது முக்கோண எச்சரிக்கைக் குறி. எழுத்துணரி அதை A என்று படித்துவிடக்கூடும். நமது பக்கத்தில் A என்பது மூடி. 'A எச்சரிக்கை' என்று ஒரு வரி வந்து நின்றால், கேட்பவர் அதை மூடியைப் பற்றிய எச்சரிக்கை என்றுதான் எடுத்துக்கொள்வார். இரண்டாவது, கறுப்புப் பட்டையில் வெள்ளையாக அச்சான 'எச்சரிக்கை' என்ற சொல். அது முழுதாகவே விடுபட்டு, அடியிலுள்ள வாக்கியம் மட்டும் சாதாரணப் பத்தி போல வரக்கூடும். மூன்றாவது, வட்டத்துக்குள் உள்ள எண்கள். அவை பதிப்புரிமைக் குறியாகவோ வெறும் வட்டமாகவோ மாறும்.

தமிழுக்கே உரிய சிக்கலும் உண்டு. 'ர' என்ற எழுத்தும் துணைக்கால் குறியும் பார்வைக்கு ஒன்று போலவே இருப்பதால் இடம் மாறும். 'எ' என்ற எழுத்தின் இடத்தில் தமிழ் எண் '௭' வந்து உட்காரும். திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தேடினால் சொல் கிடைக்காது. திரைவாசிப்பான் 'எடுக்கவும்' என்பதைச் சரியாக உச்சரிக்காது. தமிழ் எண்கள் அச்சில் இல்லாத பக்கம் என்றால், கோப்பில் தமிழ் எண் எதுவும் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பார்த்து மாற்றிவிடுங்கள். பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுக்கும்போது தமிழ் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வந்தால், அது பெரும்பாலும் ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருவில் அச்சானதாக இருக்கும். அதை எழுத்துரு மாற்றியில் போட்டுப் பார்க்கலாம். ஒரு பக்கம் மட்டும் என்றால் கையால் தட்டச்சு செய்வதே விரைவாக முடியும்.

## எண் என்பது முகவரி

படிகளைத் தட்டச்சு செய்யும்போது அச்சில் உள்ள எண்ணை மாற்றாதீர்கள். மூன்றாம் படியில் மூன்று செயல்கள் இருக்கின்றன: குழாயை இழுப்பது, பாத்திரம் வைப்பது, அடைப்பானை எடுப்பது. அதை 3, 4, 5 என்று பிரித்தால் கேட்பவருக்கு எளிதாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் வாடிக்கையாளர் சேவையில் பேசுபவர் 'படி நான்கைச் செய்தீர்களா' என்று கேட்கும்போது இரண்டு பேரும் வேறு வேறு படியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். செயல்களைப் பிரிக்க வேண்டுமென்றால் அதே எண்ணுக்குள் தனித்தனி வரிகளாக எழுதுங்கள். புதிய எண் தர வேண்டாம்.

இங்கே மென்பொருளும் காலை வாரும். மார்க்டவுனிலோ சொற்செயலியிலோ தானியங்கிப் பட்டியலாக எழுதினால், நடுவில் ஒரு எச்சரிக்கைப் பெட்டி வந்ததும் பட்டியல் முறிந்து, அடுத்த படி மறுபடியும் 1 என்று தொடங்கக்கூடும். அச்சில் 4-க்குப் பிறகு 6 வந்திருந்தால் மென்பொருள் அதை 5 என்று 'சரி' செய்துவிடும். இதற்கு எச்சரிக்கையை அந்தப் படியின் உள்ளே தள்ளி எழுதலாம், அல்லது தானியங்கி எண்ணை விட்டுவிட்டு எண்ணையே எழுத்தாகத் தட்டச்சு செய்யலாம். இணையப் பக்கமாக எழுதுபவர்கள் எண்ணை நேரடியாகச் சொல்லிவிடலாம்:

```
<ol>
  <li value="4">நீர் நின்றதும் வடிகட்டியை (D) ...</li>
</ol>
```

நான் 'படி 4.' என்று சொல்லாகவே எழுதுகிறேன். வெறும் '4.' என்பதை விட அது காதுக்குத் தெளிவு. வட்ட எண்களுக்கான தனிக் குறிகளைப் பயன்படுத்த வேண்டாம். சில குரல்கள் அவற்றை உச்சரிக்காமலே கடந்துவிடும்.

## எச்சரிக்கைப் பெட்டி: எந்த அளவு, எந்த எல்லை, எந்த இடம்

பெட்டியின் தலைச்சொல் அலங்காரம் அல்ல, ஆபத்தின் அளவு. அமெரிக்காவின் ஏஎன்எஸ்ஐ இசட்535 தர வரிசையைப் பின்பற்றும் கையேடுகளில் நான்கு சொற்கள் நான்கு அளவைக் குறிக்கின்றன. முதல் அளவில், தவிர்க்காவிட்டால் மரணமோ கடும் காயமோ நிச்சயம். இரண்டாவதில், அவை நேரக்கூடும். மூன்றாவதில், சிறிய அல்லது நடுத்தரக் காயம் நேரக்கூடும். நான்காவது, காயம் சாராதது. பொருள் சேதத்தைப் பற்றியது. தமிழ்க் கையேடுகளில் இவை பெரும்பாலும் ஆபத்து, எச்சரிக்கை, கவனம், அறிவிப்பு என்று வருகின்றன. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதும் உண்டு. எது அச்சாகியிருக்கிறதோ அதையே எழுதுங்கள். எல்லாவற்றையும் 'எச்சரிக்கை' என்று ஒரே சொல்லாக்கினால் நீர்க்கசிவும் மின் அதிர்ச்சியும் ஒரே குரலில் ஒலிக்கும். அந்தத் தர வரிசையில் முக்கோணக் குறி காயம் சார்ந்த பெட்டிகளுக்கே உரியது, பொருள் சேதத்துக்கு அது வராது. ஆகவே முக்கோணம் இருந்ததா இல்லையா என்பதும் தகவலே. குறியை மட்டும் போட்டால் திரைவாசிப்பான் அதைச் சொல்லாமல் விட்டுவிடக்கூடும். 'முக்கோண எச்சரிக்கைக் குறி' என்று சொல்லில் எழுதுங்கள். ஆரஞ்சு, மஞ்சள் போன்ற நிறத்தைச் சொல்லத் தேவையில்லை, தலைச்சொல்லே அதைச் சொல்லிவிடுகிறது.

அடுத்தது எல்லை. கையேடுகளுக்கென 2006-இல் முதன்முதலாக வெளிவந்த இசட்535.6 என்ற பகுதி, ஒரு பிரிவு முழுவதற்கும் பொருந்தும் எச்சரிக்கையையும் ஒரு செயலுக்கு மட்டும் பொருந்தும் எச்சரிக்கையையும் வேறுபடுத்துகிறது. பக்கத்தில் இந்த வேறுபாட்டைக் காட்டுவது பெட்டியின் அகலமும் இடமும். நமது பக்கத்தில், தலைப்பை ஒட்டி முழு அகலத்தில் வரும் மின் அதிர்ச்சிப் பட்டை பக்கம் முழுவதற்கும் உரியது. ஓரத்தில் உள்ள சூடுநீர்ப் பெட்டி ஒரு செயலுக்கு உரியது. கேட்பவருக்கு அகலம் தெரியாது. அதனால் 'இந்தப் பக்கம் முழுவதற்கும்' என்றோ 'படி 3-க்கு' என்றோ எழுதிக் கொடுக்க வேண்டும். பெட்டி எங்கே முடிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பார்ப்பவருக்குக் கட்டத்தின் அடிக்கோடு அதைச் சொல்கிறது. கேட்பவருக்கு 'எச்சரிக்கை முடிந்தது' என்ற வரி இல்லாவிட்டால், அடுத்த படியையும் எச்சரிக்கையின் தொடர்ச்சியாகவே கேட்பார்.

இனி இடம். என் பார்வையில் இந்த வேலையில் மிகக் கவனமாக முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான். சூடுநீர்ப் பெட்டி அச்சில் ஐந்தாம் படிக்கு நேராக இருக்கிறது. அங்கே காலியிடம் இருந்ததால் வடிவமைப்பாளர் அதை அங்கே வைத்திருப்பார். ஆனால் நீர் வெளியே வருவது மூன்றாம் படியில், அடைப்பானை எடுத்த கணத்தில். 'அச்சில் உள்ள வரிசையே வரிசை' என்று பெட்டியை ஐந்தாம் படிக்குப் பக்கத்தில் தட்டச்சு செய்தால், கேட்பவர் அதற்குள் கையைச் சுட்டுக்கொண்டிருப்பார். பார்ப்பவருக்கு இந்த ஆபத்து இல்லை. கட்டமும் முக்கோணமும் பக்கத்தைத் திறந்த உடனே கண்ணில் படும். படி 1-ஐப் படிக்கும் முன்பே அவர் எச்சரிக்கையைப் பார்த்துவிடுவார். ஆகவே பெட்டியை மூன்றாம் படிக்கு முன்னால் நகர்த்துவது மூலத்தை மாற்றுவது ஆகாது. பார்ப்பவருக்குக் கிடைத்த வரிசையைக் கேட்பவருக்கும் கொடுப்பதே அது. ஆனால் நகர்த்தியதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். கையேட்டை வைத்துக்கொண்டு பக்கத்திலிருந்து உதவுபவர் குழம்பக் கூடாது.

நீர்க்கசிவு பற்றிய அறிவிப்பையும் இப்படியே யோசியுங்கள். அது ஆறாம் படிக்குக் கீழே இருக்கிறது. 'இறுக்கவும்' என்பதைச் செய்யும் முன் கேட்டால்தான் பயன். அதையும் ஆறாம் படிக்கு முன்னால் கொண்டுவருவேன்.

மூன்று, நான்காம் படிகளின் எழுத்தாக்கம் இப்படி வரும்:

```
எச்சரிக்கை, படி 3-க்கு. முக்கோண எச்சரிக்கைக் குறி.
சூடான நீரில் துவைத்திருந்தால், நீர் ஆறும் வரை
காத்திருக்கவும். கை சுட்டுவிடக்கூடும்.
எச்சரிக்கை முடிந்தது.
[எழுத்தாக்குநர் குறிப்பு: அச்சில் இந்தப் பெட்டி
படி 5-க்கு வலப்பக்கம் உள்ளது.]

படி 3. வடிகால் குழாயை (B) வெளியே இழுத்து, அடியில்
தாழ்வான பாத்திரம் வைக்கவும். அடைப்பானை (C) எடுத்து
நீரை வடிக்கவும்.

படி 4. நீர் நின்றதும் வடிகட்டியை (D) இடப்பக்கம்
திருகி வெளியே எடுக்கவும்.
```

'நீர் நின்றதும்' என்ற இரண்டு சொற்களை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். சுருக்கி எழுதும் ஆர்வத்தில் முதலில் வெட்டுப்படுவது இத்தகைய நிபந்தனைகள்தான். நீர் நிற்கும் முன் வடிகட்டியைத் திருகினால், உள்ளே தேங்கியிருப்பது முழுவதும் தரையில் கொட்டும்.

## எழுத்தைப் பாகத்தோடு கட்டுவது

படம் 2-இல் எழுத்தின் இடத்தைப் பார்க்காதீர்கள், கோட்டின் முனையைப் பாருங்கள். D என்ற எழுத்து மூடியின் பக்கத்தில் அச்சாகியிருக்கலாம். அதிலிருந்து கிளம்பும் கோடு வடிகட்டியின் குமிழில் போய் முடியும். பொறியியல் வரைபட மரபில் கோட்டின் முனை ஒரு பொருளின் உட்பரப்பில் நின்றால் புள்ளியிலும், அதன் விளிம்பைத் தொட்டால் அம்புமுனையிலும் முடியும். E-யின் கோடு வடிகட்டி நுழையும் துளையின் உட்பரப்பில் புள்ளியாக முடிந்தால், அது வடிகட்டிக் கூட்டைக் காட்டுகிறது. அதே கோடு துளையின் விளிம்பில் அம்பாக முடிந்திருந்தால், விளிம்பில் உள்ள ரப்பர் வளையத்தைக் காட்டுவதாக இருக்கலாம். எல்லாக் கையேடுகளும் இந்த மரபைச் சரியாகப் பின்பற்றுவதில்லை. ஐயமாக இருந்தால் கையேட்டின் முன்பகுதியில் உள்ள பாகங்கள் பட்டியலைப் பாருங்கள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு கோட்டையும் எழுத்திலிருந்து முனை வரை விரலால் பின்தொடர்வதைத் தவிர வேறு வழியில்லை.

பிறகு படிகளுக்கு முன்னால் ஒரு பாகப் பட்டியல் கொடுங்கள்: பகுதி A, மூடி; பகுதி B, வடிகால் குழாய்; பகுதி C, அடைப்பான்; பகுதி D, வடிகட்டி; பகுதி E, வடிகட்டிக் கூடு; பகுதி F, பம்ப் விசிறி. இதை அட்டவணையாக்க வேண்டாம். இரண்டே பத்தியுள்ள சிறு பட்டியலுக்கு வரி வரியாக எழுதுவதே கேட்க எளிது.

படியின் வாக்கியத்துக்குள் எழுத்து வரும் முறையில் அச்சைப் பின்பற்றுங்கள். 'வடிகால் குழாயை (B)' என்று பெயரும் எழுத்தும் சேர்ந்து வந்தால் சிக்கல் இல்லை. ஐந்தாம் படி 'F தடையின்றிச் சுழல்கிறதா' என்று எழுத்தை மட்டும் தருகிறது. பார்ப்பவர் ஒரு நொடி படத்தை நோக்கித் திரும்பினால் தெரிந்துகொள்வார். கேட்பவர் வேலையை நிறுத்தி, பட்டியலுக்குத் திரும்பிப் போய், மறுபடி இந்த இடத்தைத் தேடி வர வேண்டும், அதுவும் ஈரக் கையோடு. அங்கே 'F [பம்ப் விசிறி] தடையின்றி' என்று சதுர அடைப்புக்குள் பெயரைச் சேருங்கள். சதுர அடைப்புக்குள் இருப்பதெல்லாம் எழுத்தாக்கியவர் சேர்த்தது என்று கோப்பின் தொடக்கத்திலேயே ஒரு வரியில் அறிவித்துவிடுங்கள். அச்சில் உள்ளதையும் நீங்கள் சேர்த்ததையும் படிப்பவர் எப்போதும் பிரித்தறிய வேண்டும்.

## படத்தைச் சொல்லில் வைப்பது

படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் மாற்று உரையில் ஒரே வரி போதும்: 'படம் 2. மெஷினின் கீழ் மூலை, மூடி திறந்த நிலையில், விவரம் கீழே.' முழு விவரத்தையும் மாற்று உரைக்குள் திணித்தால் கேட்பவரால் அதை வரி வரியாகத் திருப்பிக் கேட்பது கடினம். விவரத்தைச் சாதாரணப் பத்தியாக எழுதுங்கள்.

விவரத்தில் முதலில் எங்கிருந்து பார்க்கிறோம் என்பதைச் சொல்லுங்கள். 'வலது மூலை' என்றால் யாருடைய வலது? 'மெஷினின் கதவை நோக்கி நீங்கள் நிற்கும்போது, உங்கள் வலப்பக்கம், தரையை ஒட்டி' என்றால் குழப்பம் இல்லை. அடுத்து பாகங்களை A, B, C என்ற வரிசையில் சொல்லாமல், கை போகும் வரிசையில் சொல்லுங்கள். மூடியைத் திறந்ததும் கைக்கு முதலில் படுவது எது, அதற்கு எந்தப் பக்கம் மற்றது? நமது படத்துக்கு நான் எழுதுவது இது:

> மெஷினை நோக்கி அமர்ந்தால், வலப்பக்கக் கீழ் மூலையில் சதுர மூடி (A). அதன் மேல் விளிம்பில் நாணயம் நுழையும் சிறு வெட்டு. மூடி திறந்ததும் நடுவில் வட்டமான வடிகட்டி (D). அதன் முகத்தின் குறுக்கே விரலால் பிடித்துத் திருகும் மேடு. வடிகட்டிக்கு இடப்பக்கம் மெல்லிய வடிகால் குழாய் (B) மடங்கிக் கிடக்கிறது. அதன் நுனியில் அடைப்பான் (C). வடிகட்டியை எடுத்தபின் தெரியும் துளை, வடிகட்டிக் கூடு (E). கூட்டின் உள் முனையில் பம்ப் விசிறி (F).

அம்புகளைச் சொல்லாமல் விட்டால் படத்தின் பாதி போய்விடும். வளைந்த அம்பு: 'அசைவு 1, வடிகட்டியைக் கடிகார முள் சுற்றும் திசைக்கு எதிராகத் திருகுதல்.' நேரான அம்பு: 'அசைவு 2, உங்களை நோக்கி நேராக இழுத்தல்.' சாய்வாக வரைந்த படங்களில் வளைந்த அம்பின் திசை ஏமாற்றும். குமிழின் முகத்தை நேராகப் பார்ப்பதாக வைத்துக்கொண்டு, அம்பு குமிழின் உச்சியைக் கடக்கும்போது இடப்பக்கம் போகிறதா, வலப்பக்கமா என்று மட்டும் பாருங்கள். உச்சியில் இடப்பக்கம் போனால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. அம்பு குமிழின் அடியில் மட்டும் வரையப்பட்டிருந்தால் இது தலைகீழாகும். அடியில் வலப்பக்கம் போவதே எதிர்த்திசை.

படத்தில் இல்லாததைச் சேர்க்க வேண்டாம். உங்கள் வீட்டு மெஷினில் குழாய் எவ்வளவு நீளம் என்பது இந்தப் பக்கத்துக்குத் தொடர்பில்லாதது. அதே போல, படத்தில் மெஷினின் மேல் வரையப்பட்ட பொத்தான்களும் கதவின் பளபளப்பும் இந்த வேலைக்குத் தேவையில்லை, ஒரு சொல்கூட வேண்டாம்.

## பிழை அச்சிலேயே இருந்தால்

இப்போது கணக்கெடுப்புத் தாளை எடுத்து எழுத்தாக்கத்தோடு ஒப்பிடுங்கள். படிகளை மட்டும் தனிக் கோப்பில் வைத்திருந்தால், எந்த எழுத்து எத்தனை முறை வந்தது என்று ஒரு வரியில் எண்ணிவிடலாம்:

```
grep -o '[A-F]' padigal.txt | sort | uniq -c
```

நமது பக்கத்துக்கு A 2, B 1, C 2, D 1, F 1 என்று வரும். இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். E வரவே இல்லை. அது பிழை அல்ல. படத்தில் காட்டப்பட்டு, படிகளில் பேசப்படாத பாகம். பாகப் பட்டியலில் 'படிகளில் இதைப் பற்றி எதுவும் இல்லை' என்று குறித்தால் போதும், கேட்பவர் வீணாகத் தேட மாட்டார். ஆனால் D ஒரே ஒரு முறைதான் வருகிறது. நான்காம் படியில் வெளியே எடுத்த வடிகட்டி, எழுத்தின்படி, திரும்பப் பொருத்தப்படவே இல்லை. ஆறாம் படியைப் பார்த்தால் 'வடிகட்டியை (C) மீண்டும் பொருத்தி' என்று இருக்கிறது. படத்தில் C என்பது அடைப்பான். எழுத்து மாறி அச்சாகியிருக்கிறது. பழைய மாடலின் கையேட்டில் ஒரு பாகத்தைச் சேர்த்து எழுத்துகளை நகர்த்தும்போது, ஓரிடத்தில் பழைய எழுத்தே தங்கிவிடுவது இப்படித்தான் நேர்கிறது.

இதை ஓசையின்றித் திருத்தக் கூடாது. திருத்தாமல் விடவும் கூடாது. அச்சில் உள்ளபடி எழுதி, உடனே அதே வரியில் குறிப்பு வையுங்கள்:

```
படி 6. வடிகட்டியை (C) [எழுத்தாக்குநர் குறிப்பு: அச்சில்
C என உள்ளது; படம் 2-இல் வடிகட்டி D] மீண்டும் பொருத்தி,
வலப்பக்கம் இறுக்கவும். ...
```

குறிப்பை அடிக்குறிப்பாகப் பக்கத்தின் கடைசிக்குத் தள்ள வேண்டாம். தேவைப்படும் இடத்தில் இல்லாத குறிப்பு கேட்பவருக்கு உதவாது. எது சரி என்று படமும் வாக்கியமும் சேர்ந்து தெளிவாகச் சொல்லும்போது மட்டும் இப்படி எழுதலாம். திருகும் திசையைப் படம் ஒரு விதமாகவும் வாக்கியம் இன்னொரு விதமாகவும் சொன்னால் தீர்ப்பு உங்களுடையது அல்ல. இரண்டையும் எழுதி, முரண் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். பலம் கொடுத்துத் தவறான திசையில் திருகினால் பிளாஸ்டிக் மரை தேய்ந்து, வடிகட்டி பிறகு இறுகாமலே போகும். மின்சாரம், சூடு, எரிவாயு தொடர்பான முரண் என்றால், உற்பத்தி நிறுவனத்திடம் கேட்டுத் தெளிந்த பிறகே கோப்பைக் கொடுங்கள்.

## காதால் ஒரு முறை, கையால் ஒரு முறை

கோப்பை முதலில் திரைவாசிப்பானில் ஓடவிட்டு, திரையைப் பார்க்காமல் கேளுங்கள். என்விடிஏ என்ற திரைவாசிப்பானின் இயல்பான அமைப்பில் அடைப்புக்குறிகள் உச்சரிக்கப்படுவதில்லை. 'வடிகால் குழாயை (B) வெளியே' என்பது 'வடிகால் குழாயை பி வெளியே' என்று ஒரே மூச்சில் ஓடும். காதுக்கு அது குழப்பமாக இருந்தால், யாருக்காகச் செய்கிறீர்களோ அவரிடம் கேட்டு, '(பகுதி B)' என்று எல்லா இடத்திலும் ஒரே சீராக மாற்றுங்கள். சதுர அடைப்பும் ஒலிக்காது என்பதால்தான் குறிப்பு ஒவ்வொன்றும் 'எழுத்தாக்குநர் குறிப்பு' என்ற சொல்லோடு தொடங்க வேண்டும். நீளமான குறிப்பானால் 'குறிப்பு முடிந்தது' என்றும் சேருங்கள்.

பிறகு, அந்தக் கையேட்டைப் பார்த்திராத ஒருவரிடம் மெஷினையும் உங்கள் எழுத்தாக்கத்தையும் மட்டும் கொடுங்கள். படத்தைக் காட்டாதீர்கள், வாயைத் திறக்காதீர்கள். அவர் எங்கே நின்று யோசிக்கிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 'எந்தப் பக்கம்?' என்று கேட்டால், விவரத்தில் பார்வைக் கோணம் விடுபட்டிருக்கிறது. 'இது எது?' என்று கேட்டால் எழுத்துக்கும் பாகத்துக்கும் உள்ள கட்டு தளர்ந்திருக்கிறது. எச்சரிக்கையைக் கேட்ட பிறகு கையைப் பின்னுக்கு இழுத்தால், பெட்டி இன்னும் ஒரு படி முன்னால் போக வேண்டும்.